‘ஏழாம் பிரிவின்படி திருப்பித் தர முடியாது’: விசா மறுக்கப்பட்டபின் ஆலோசகரிடமிருந்து காசை மீட்கும் வழி

என் தம்பிக்கு 2025இல் பிரித்தானிய மாணவர் விசா மறுக்கப்பட்டது. மல்லாவியிலிருந்து மாங்குளம் போய், அங்கிருந்து பஸ் மாறி வவுனியாவில் உள்ள ஆலோசனை நிறுவனத்துக்கு நான்கு தடவை அலைந்தபின் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பக்கக் கடிதம். ‘தாங்கள் கையொப்பமிட்ட சேவை ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவின்படி, விசா முடிவு எதுவாயினும் செலுத்திய கட்டணங்கள் திருப்பித் தரப்பட மாட்டா’ என்று அதில் இருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, “கையெழுத்து வைத்துவிட்டோம், இனி என்ன செய்வது?” என்று மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். காசு எங்கே போனது என்று தெரியாமல் எந்தக் கணக்கையும் மூடிப் பழக்கமில்லை. கடிதத்தை வெளியே எடுத்தேன்.

பிரித்தானிய மாணவர் விசாவை வைத்தே எழுதுகிறேன். வேறு நாடென்றால் கட்டணங்களின் பெயர் மாறும், இலங்கையில் செய்ய வேண்டியவை மாறா.

1. முதலில் காசைப் பிரித்து எழுதுங்கள்

நாம் எல்லோரும் செய்யும் தவறு, ‘ஏஜென்சிக்கு இருபத்தாறு இலட்சம் கட்டினோம்’ என்று மொத்தமாகச் சொல்வது. நிறுவனத்துக்கும் அதுதான் வசதி. ஒரு தாளை எடுத்து, கட்டிய ஒவ்வொரு தொகையும் யாருக்காகக் கட்டப்பட்டது, யாருடைய கணக்கிலிருந்து அல்லது அட்டையிலிருந்து போனது என்று எழுதுங்கள். எங்கள் தாள் இப்படி இருந்தது:

- சேவைக் கட்டணம்: 3 இலட்சம் ரூபா. நிறுவனத்துக்கு, பணமாக.
- விசா விண்ணப்பக் கட்டணம்: 524 பவுண், ஏறக்குறைய 2 இலட்சத்து 14 ஆயிரம் ரூபா. பிரித்தானிய அரசுக்கு, நிறுவனத்தின் அட்டையிலிருந்து.
- குடிவரவு சுகாதாரக் கட்டணம்: 1,164 பவுண், ஏறக்குறைய 4 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. அதுவும் பிரித்தானிய அரசுக்கு, அதே அட்டையிலிருந்து.
- பல்கலைக்கழக முற்பணம்: 4,000 பவுண், ஏறக்குறைய 16 இலட்சம் ரூபா. பல்கலைக்கழகத்துக்கு, அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து.

இந்த நான்கில் சேவை ஒப்பந்தம் பேசுவது முதலாவதைப் பற்றி மட்டுமே. விசா விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு மறுக்கப்பட்டால் அது போனதுதான், அதற்காக யாருடனும் சண்டை பிடிக்க வேண்டாம். காசநோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்ததும் அப்படியே.

சுகாதாரக் கட்டணம் வேறு கதை. அங்கே அரச மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான அது மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண். ஓராண்டு முதுகலைக்கு விசா ஏறக்குறைய பதினாறு மாதங்களுக்குக் கிடைப்பதால் ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 1,164 பவுண் கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை முழுவதையும் பிரித்தானிய அரசு தானாகவே திருப்பி அனுப்பிவிடும். நாம் விண்ணப்பிக்கத் தேவையில்லை, வழக்கமாக ஆறு வாரங்களுக்குள் வந்துவிடும். ஆனால் அது போய்ச் சேர்வது எந்த அட்டையிலிருந்து கட்டப்பட்டதோ அந்த அட்டைக்கு. எங்கள் விடயத்தில் அது நிறுவனத்தின் அட்டை. நாங்கள் மல்லாவியில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது, எங்கள் நாலே முக்கால் இலட்சம் வவுனியாவில் அவர்களுடைய கணக்கில் வந்து விழுந்திருந்தது. ஏழாம் பிரிவு அந்தக் காசையும் சேர்த்து மூடும் போர்வையாக எங்களுக்குக் காட்டப்பட்டது.

2. விண்ணப்பக் கணக்கை உங்கள் கைக்கு எடுங்கள்

நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தே விண்ணப்பத்தைத் திறக்கின்றன. முடிவும் அந்த முகவரிக்கே வருகிறது. தம்பியின் மறுப்புக் கடிதம் செப்டெம்பர் 9ஆம் திகதியிடப்பட்டது. எங்களுக்கு அது சொல்லப்பட்டது 29ஆம் திகதி, அதுவும் தொலைபேசியில். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர் அந்த முடிவை மீண்டும் பார்க்கும்படி நிர்வாக மீளாய்வு கேட்க 28 நாட்களே உண்டு, கட்டணம் 80 பவுண். அந்த 28 நாட்களில் இருபது அவர்களுடைய மின்னஞ்சல் பெட்டியிலேயே கழிந்துவிட்டன.

மறுப்புச் செய்தி கேட்ட அன்றே இவற்றை எழுத்தில் கேளுங்கள், வட்சப் செய்தியானாலும் போதும்: மறுப்புக் கடிதத்தின் முழுப் பிரதி, சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பப் படிவம், பதிவேற்றிய ஆவணங்கள், விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல், சுகாதாரக் கட்டணத்தின் IHS என்று தொடங்கும் குறிப்பு எண், கட்டணப் பற்றுச்சீட்டுகள். ‘நேரில் வாருங்கள், பார்க்கலாம்’ என்று பதில் வரும். போங்கள், ஆனால் எழுத்தில் கேட்டபின் போங்கள்.

‘அடுத்த தவணைக்கு இலவசமாகப் போட்டுத் தருகிறோம், கொஞ்சம் பொறுங்கள்’ என்பதும் வரும். இந்தப் பொறுமைக்கு ஒரு விலை இருக்கிறது, ஆறாவது படியில் சொல்கிறேன்.

3. மறுப்புக் காரணத்தைத் திகதிகளோடு பொருத்திப் பாருங்கள்

சேவைக் கட்டணம் திரும்புமா என்பதை ஒப்பந்தத்தைவிட மறுப்புக் கடிதமே தீர்மானிக்கும். தவறு யாருடையது என்று அதிலிருந்துதான் தெரியும்.

பிரித்தானிய விதிப்படி, தேவையான பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாட்கள் முடியும் திகதி, விண்ணப்பித்த திகதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் விழ வேண்டும். விண்ணப்பித்த திகதி என்பது இணையத்தில் கட்டணம் கட்டிய நாள். தம்பியின் வங்கிக் கூற்று ஜூலை 2ஆம் திகதியோடு முடிந்தது. அதை அப்பா அந்த வாரமே அவர்களிடம் கொடுத்துவிட்டார், பெற்றுக்கொண்டதற்கு வட்சப்பில் பதிலும் இருக்கிறது. அவர்கள் விண்ணப்பித்தது ஆகஸ்ட் 13. இடையில் 42 நாட்கள். காசு முழுதும் கணக்கில் இருந்தது, நாற்பது நாட்களாக யாரும் தொடவில்லை. ஆனால் பழைய தாளைப் பதிவேற்றிவிட்டார்கள். புதிய கூற்று ஒன்று எடுத்துத் தரும்படி கேட்டிருந்தால் கிளிநொச்சி வங்கியில் ஒரு காலைப்பொழுது போதும். மறுப்புக் கடிதத்தில் இருந்த ஒரே காரணம் இதுதான். அப்படியிருக்க மீளாய்வால் பயனில்லை, அதிகாரியின் முடிவு விதிப்படி சரியானது. 80 பவுணை மிச்சம் பிடித்தோம். மீளாய்வு கேட்டால் சுகாதாரக் கட்டணமும் அது முடியும்வரை திரும்பாது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நேர்காணலில் சொன்ன பதில்கள் நம்பத்தக்கதாக இல்லை என்றோ, முந்தைய விசா மறுப்பை மறைத்தீர்கள் என்றோ இருந்தால் சேவைக் கட்டணத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுங்கள். போலி ஆவணம் என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த முத்திரை பத்தாண்டுத் தடையைக் கொண்டுவரலாம், பல பல்கலைக்கழகங்கள் முற்பணத்தைத் தராமல் விடவும் அதுவே காரணமாகும். கணக்கில் காட்டுவதற்காக வட்டிக்குக் காசு ஏற்பாடு செய்து, போலிக் கடிதமும் தருகிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அது தெரிந்தே நடந்திருந்தால், முறைப்பாட்டுக்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் முறைப்பாடு உங்கள் மீதே திரும்பும்.

4. ஒப்பந்தத்தை நான்கு இடங்களில் விரல் வைத்து வாசியுங்கள்

எங்கள் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஐந்து பக்கம். அப்பா கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்திட்டார். ‘வாசிக்கவில்லை, மொழி விளங்கவில்லை’ என்பது மட்டும் இலங்கைச் சட்டத்தில் காப்பாற்றாது. கையொப்பமிட்டவரை அது கட்டுப்படுத்தும் என்பதே பொது விதி. ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று வாதாடுவதை விட்டு, அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதலாவது, ‘கட்டணம்’ என்ற சொல்லுக்குக் கொடுத்துள்ள விளக்கம். எங்களுடையதில் முதல் பிரிவிலேயே, கட்டணம் என்றால் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் என்று இருந்தது. சுகாதாரக் கட்டணம் ஏழாம் பிரிவுக்குள் வராது என்பதற்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இரண்டாவது, நிறுவனத்தின் கடமைகள். ‘ஆவணங்களைக் குடிவரவு விதிகளுக்கு ஏற்பச் சரிபார்த்துச் சமர்ப்பித்தல்’ என்று மூன்றாம் பிரிவு சொன்னது. 42 நாள் பழைய கூற்று அங்கேதான் உதைக்கிறது. மூன்றாவது, அவர்கள் காட்டும் பிரிவின் முழு வாசகம். கடிதத்தில் பாதி வாக்கியத்தை எடுத்துப் போடுவது வழக்கம். ‘நிறுவனத்தின் தவறு தவிர்ந்த’ போன்ற சொற்கள் விடுபட்டிருக்கலாம். எங்களுடையதில் அப்படி ஒன்றும் விடுபட்டிருக்கவில்லை, ஏழாம் பிரிவு இரக்கமில்லாமல் முழுமையாகவே இருந்தது. நான்காவது, பிணக்கு ஏற்பட்டால் எத்தனை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற பிரிவு.

ஏழாம் பிரிவு முழுமையாக இருந்தாலும் அதற்கு மேலே சட்டம் இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, அச்சடித்து வைத்த நிபந்தனைகளில் கையெழுத்து வாங்கும் நிறுவனம் தானே ஒப்பந்தத்தை மீறிவிட்டு, அதன் பொறுப்பிலிருந்து ஒரு பிரிவைக் காட்டித் தப்ப முயன்றால், அந்தப் பிரிவு நியாயமானதாக இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம் எந்தச் சேவை ஒப்பந்தத்திலும் எழுதாமலே அடங்கியிருப்பதாகச் சொல்கிறது. விசா கிடைக்காததற்காக நான் காசு கேட்கவில்லை, வேலையைப் பிழையாகச் செய்ததற்காகக் கேட்கிறேன் என்பதே உங்கள் நிலைப்பாடாக இருக்க வேண்டும். முன்னதைச் சொன்னால் ஏழாம் பிரிவு உங்களை வாயடைக்க வைக்கும்.

‘விசா வராவிட்டால் காசு திரும்பும்’ என்று வாயால் சொன்னது எழுத்தை எளிதில் வெல்லாது. வட்சப் குரல் பதிவாக இருந்தால் பத்திரப்படுத்துங்கள், ஏமாற்றும் விளம்பரம் என்று காட்ட உதவும். திரைப்பிடிப்பில் சேமித்த பெயர் தெரியாமல் தொலைபேசி இலக்கமே தெரியும்படி எடுங்கள், அந்தப் பழைய கைத்தொலைபேசியை விற்றுவிடாதீர்கள்.

5. பல்கலைக்கழகத்துக்கு நீங்களே எழுதுங்கள், நிறுவனத்துக்குத் தனிக் கோரிக்கைக் கடிதம்

‘முற்பணம் எங்கள் மூலமாகத்தான் வரும்’ என்று எங்களுக்குச் சொன்னார்கள். அது பொய். தம்பி தன் சொந்த மின்னஞ்சலில் இருந்து, மாணவர் எண்ணோடு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவுக்கு எழுதினான். திருப்பிக் கேட்கும் படிவம், மறுப்புக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களும், காசு அனுப்பிய வங்கிச் சான்று, அப்பாவின் கணக்கு விவரமும் வங்கியின் சுவிஃப்ட் குறியீடும் கேட்டார்கள். ஏழு வாரங்களில் 250 பவுண் நிர்வாகச் செலவு கழித்து மிகுதி வந்தது. முற்பணமும் அனுப்பிய கணக்குக்கே திரும்பும். அதனால்தான் அப்பாவின் வங்கியில் மாணவர் கோப்புத் திறந்து அனுப்பியது எங்களைக் காப்பாற்றியது. ‘வரிசையில் நிற்க வேண்டாம், எங்களிடம் ரூபாவாகத் தாருங்கள், நாங்கள் அனுப்புகிறோம்’ என்று அவர்கள் முதலில் கேட்டார்கள். அப்பா வங்கி முகாமையாளருக்குத் தெரிந்தவர் என்பதால் மட்டும் மறுத்தார்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கோபம் வேண்டாம், நகையை அடகு வைத்த கதையும் வேண்டாம். நான் எழுதியதன் நடுப்பகுதி:

‘குறிப்பு எண் மேற்காட்டப்பட்ட குடிவரவு சுகாதாரக் கட்டணம் 1,164 பவுண், விசா மறுப்பின்பின் செலுத்திய அட்டைக்கே திருப்பி வழங்கப்படுவது. அது தங்கள் சேவைக் கட்டணம் அன்று. ஒப்பந்தத்தின் முதலாம், ஏழாம் பிரிவுகளுக்குள் வராது. அத்தொகையை இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் கீழ்க்காணும் கணக்கில் வைப்பிடவும். கிடைக்கவில்லை என்பது தங்கள் பதிலாயின், உரிய காலத்துக்கான அட்டைக் கூற்றின் பிரதியை இணைக்கவும். சேவைக் கட்டணம் 3 இலட்சம் ரூபாவைப் பொறுத்தவரை, 02.07.2025இல் முடிந்த வங்கிக் கூற்றை 13.08.2025இல் சமர்ப்பித்ததன் மூலம் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவை மீறியுள்ளீர்கள்.’

விண்ணப்பதாரரும் காசு கொடுத்தவரும் இருவருமே கையெழுத்திட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பிரதியோடு ஒட்டி வையுங்கள். செலவு சில நூறு ரூபாதான். சட்டத்தரணி மூலம் அனுப்ப எங்களிடம் கேட்டது ஐயாயிரம். முதல் கடிதத்துக்கு அது தேவைப்படவில்லை. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்தில் கேட்கலாம்.

அட்டைக் கூற்றைக் கேட்ட வரிதான் வேலை செய்தது. பதினோராம் நாள், ‘கணக்கியல் தாமதம்’ என்ற விளக்கத்தோடு சுகாதாரக் கட்டணம் முழுவதும் அப்பாவின் கணக்கில் விழுந்தது. ஏழாம் பிரிவைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் இல்லை.

6. மூன்று மாதக் கெடுவுக்குள் பாவனையாளர் அதிகாரசபைக்குப் போங்கள்

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்து முறைப்பாட்டைச் சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று விவாதிக்க இடம் வைக்காதீர்கள். ஆக முந்திய திகதியை எடுங்கள். எங்களுக்கு அது ஆகஸ்ட் 13, கெடு நவம்பர் 13. நவம்பர் 3ஆம் திகதி கொடுத்தோம். ‘அடுத்த தவணை வரை பொறுங்கள்’ என்பதன் விலை இதுதான். ஜனவரி வரை பொறுத்திருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும்.

அதிகாரசபையின் அலுவலகம் மாவட்டச் செயலகத்தில் இருக்கும், தொலைபேசி 1977. கொடுக்க வேண்டியவை: முறைப்பாட்டுக் கடிதம், ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், விசா மறுப்புக் கடிதம், காசு தர மறுத்த நிறுவனத்தின் கடிதம், உங்கள் கோரிக்கைக் கடிதமும் தபால் பற்றுச்சீட்டும், அடையாள அட்டைப் பிரதி. எல்லாம் பிரதிகள், மூலங்கள் உங்கள் கையில். அதோடு திகதிகளை மட்டும் வரிசையாக எழுதிய ஒரு தாளை மேலே வையுங்கள். அதிகாரி முதலில் வாசிப்பது அதைத்தான். கட்டணம் இல்லை. விசாரித்தபின் பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டு இணக்கம் காணப் பார்ப்பார்கள். எங்கள் விசாரணை நவம்பர் இறுதி வெள்ளத்தால் தள்ளிப்போய் ஜனவரியில் நடந்தது.

வழிதவறிப் போகும் இரண்டு இடங்கள் உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்குரியது. ‘படிப்பு’ என்று எழுதிய ஒப்பந்தத்தோடு போனால் எங்களுக்குரியதல்ல என்பார்கள். உங்களுக்கு மாணவர் விசா என்ற பெயரில் வேலை வாக்களிக்கப்பட்டிருந்தால் மட்டும் 1989ஐ அழையுங்கள். பொலிஸில் ‘இது சிவில் பிரச்சினை’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். போலி ஆவணம், போலிப் பற்றுச்சீட்டு, அல்லது திரும்பி வந்த காசை வரவில்லை என்று மறைத்தல் இருந்தால் அங்கே போவதற்குக் காரணம் இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். முகநூலில் நிறுவனத்தின் பெயரையும் படத்தையும் போட்டுத் திட்டுவது ஆறுதலாக இருக்கும், ஆனால் விசாரணை நாளில் அவர்கள் கையில் அதுவும் ஒரு கோப்பாக இருக்கும்.

7. தீராவிட்டால் மத்தியஸ்த சபை, பிறகு நீதிமன்றம்

எங்களுடைய 3 இலட்சம் போன்ற, சட்டம் விதித்த வரம்புக்குக் குறைந்த காசுப் பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகாமல் நேரே மாவட்ட நீதிமன்றில் வழக்குப் போட முடியாது. நம் ஊரில் இணக்க சபை என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் வார இறுதியில், ஒரு பாடசாலையில் கூடும். சட்டத்தரணிகள் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். தீர்வு வராவிட்டால் ‘இணக்கம் எட்டப்படவில்லை’ என்ற சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வழக்கு ஏற்கப்படாது. எழுத்து ஒப்பந்தம் மீதான வழக்குக்கு ஆறு ஆண்டுகள் உண்டு என்பதால் இங்கே அவசரமில்லை. ஆனால் 3 இலட்சத்துக்காக நீதிமன்றம் ஏறி இறங்குவது தகுமா என்று பஸ் கட்டணத்தையும் விடுமுறை நாட்களையும் போட்டுக் கணக்குப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

8. காசு தரும்போது எதில் கையெழுத்திடுகிறீர்கள் என்று பாருங்கள்

ஜனவரி விசாரணைக்கு முந்திய வாரம் நிறுவனம் எங்களைக் கூப்பிட்டு, ஐம்பதாயிரம் ரூபாவும் ஒரு தாளும் நீட்டியது. ‘எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்க்கப்பட்டன’ என்று அதில் இருந்தது. மூல ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டுகளையும் ‘கோப்பை மூடுவதற்காக’க் கேட்டார்கள். இரண்டையும் மறுத்தோம்.

விசாரணையில் அதிகாரி ஜூலை 2, ஆகஸ்ட் 13 என்ற இரண்டு திகதிகளைக் காட்டிக் கேட்டபோது, முகாமையாளர் ஏழாம் பிரிவை ஒரு தடவை வாசித்தார், இரண்டாம் தடவை வாசிக்கவில்லை. தம்பிக்குப் பல்கலைக்கழக அனுமதி பெற்றுக் கொடுத்த வேலை சரியாகவே நடந்திருந்தது, அதற்குரிய பங்கை அவர்கள் கேட்டதை நானும் மறுக்கவில்லை. ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா, இரண்டு தவணை என்று முடிந்தது. ‘முழுமையான தீர்வு’ என்ற சொற்களை இரண்டாம் தவணைப் பற்றுச்சீட்டில் மட்டும் எழுத ஒப்புக்கொண்டோம். முதல் தவணை வந்தது. இரண்டாவது ஒன்பது நாள் பிந்தி, அதிகாரியின் ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு வந்தது. அன்று பின்னேரம் அப்பா அந்த ஏழாம் பிரிவுக் கடிதத்தைக் கேட்டார். கொடுக்கவில்லை, கோப்பில் கடைசித் தாளாக இன்னும் என்னிடம் இருக்கிறது.